‘எடுக்கப்படும்’ என்றால் எடுப்பவர் யார்?

(வாழவந்தியில் தோட்ட நிர்வாகிகள், விடுதி நடத்துவோர், தொழிலாளர்கள் முன்னிலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பணியாளர் கையேடுகளை எழுதுவதுதான் என் தொழில். விடுப்பு, கூலி, போனஸ், ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு நிறுவனத்தின் விதிகளைத் தொகுத்துக் கொடுப்பேன். அதில் நடத்தை விதிகள் என்று ஒரு பகுதி வரும். அந்தப் பகுதிக்குள் பாலியல் தொந்தரவு பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கும். இன்று அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு நிறுவனத்துக்குக் கையேடு எழுதினேன். அதில் நான் எழுதிய வரி இது: ‘பாதிக்கப்பட்டவர் உரிய காலத்திற்குள் குழுவிடம் எழுத்துமூலம் முறையிட்டால் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்.’ வழக்கறிஞர் படித்துவிட்டுச் சரி என்றார். முதலாளியும் கையெழுத்துப் போட்டார். அங்கே வேலை பார்த்த ஒரு பெண், கடைசியாகத் தொந்தரவு நடந்து நான்கு மாதம் கழித்துப் புகாரோடு வந்தார். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று குழு திருப்பி அனுப்பிவிட்டது. தக்க காரணம் இருந்தால், அதை எழுதிவைத்துவிட்டு மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அது தெரியாது, குழுவுக்கும் தெரியாது. ‘உரிய காலம்’ என்று நான் எழுதியிருந்தேனே தவிர, மூன்று மாதம் என்று எழுதவில்லை. தவறு என்னுடையது. அதற்குப் பிறகு ‘உரிய’, ‘தகுந்த’ என்ற இரண்டு சொற்களையும் கையேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

சட்டத்தின் கதை இங்கே பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜஸ்தானில் அரசின் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவிக்கு 1992இல் நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து விசாகா வழக்கு வந்தது. 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளைத் தந்தது. அவை சட்டமாக 16 ஆண்டுகள் பிடித்தன. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நிறுவனத்துக்குப் பல ஊர்களில் அலுவலகமோ கிளையோ இருந்தால் ஒவ்வொன்றிலும் தனிக் குழு வேண்டும். தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது, குழுவும் அங்கே இருக்கிறது என்று மலைமேல் இருக்கும் தோட்டம் சொல்ல முடியாது.

இனி வாழவந்திப் பக்கத்துக்கு வருகிறேன். சென்ற பருவத்தில் இந்த மலையிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்துக்கு இந்தப் பகுதியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. அலுவலகக் கதவுக்குப் பின்னால், மஸ்டர் நோட்டுத் தொங்கும் ஆணிக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்த முக்கியமான வரிகள் மூன்று.

‘பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் எவ்வகையிலும் சகித்துக்கொள்ளப்படாது. புகார்கள் பெறப்பட்டால் விசாரிக்கப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும். பொய்ப் புகார் அளிப்போர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.’

இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வரியிலும் செய்பவர் ஒருவர்கூட இல்லை. சகித்துக்கொள்ளாதவர் யார்? புகாரைப் பெறுபவர் யார்? விசாரிப்பவர் யார்? ‘படும்’ என்ற துணைவினை செய்பவரை ஒளித்துவைக்கிறது. நாம் வீட்டிலும் வயலிலும் அப்படிப் பேசுவதில்லை. ‘சோறு சமைக்கப்படும்’ என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் சொல்லமாட்டாள். ‘நான் ஆக்கி வைக்கிறேன்’ என்பாள். இந்தப் பகுதியில் ஒவ்வொரு ‘படும்’ வரும்போதும் நிறுத்தி, ‘யார்?’ என்று கேட்க வேண்டும். பதில் ஒரு பெயராகவோ பதவியாகவோ வந்தால் அதை எழுவாயாக வைத்து வரியை மாற்றி எழுதலாம். பதில் வரவில்லையென்றால் சிக்கல் மொழியில் இல்லை, அந்த வேலையை நிர்வாகம் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்று பொருள். இந்தத் தோட்டத்தில் அதுதான் நடந்தது. ‘புகாரைப் பெறுபவர் யார்?’ என்று நான் கேட்டபோது மேனேஜர் எழுத்தரைப் பார்த்தார், எழுத்தர் மேனேஜரைப் பார்த்தார். குழு அமைத்த உத்தரவே அவர்களிடம் இல்லை. ஆகவே முதலில் குழு அமைத்தோம், எழுத்து வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

குழுவுக்குத் தலைவராக மூத்த பெண் ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் வேண்டும். பெண்கள் நலனில் ஈடுபட்ட தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்த விஷயம் அறிந்தவரோ ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். உறுப்பினர்களில் ஒருவராகப் பிள்ளைமடத்து ஆயாவை வைக்கச் சொன்னேன். தோட்டத்தில் ரகசியம் எப்படிக் கசிகிறது என்று எண்ணிப் பாருங்கள். லயத்து வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்பவை. ஒரு பெண் வேலை நேரத்தில் அலுவலகப் படி ஏறினால் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிள்ளையை விடவும் எடுக்கவும் பிள்ளைமடத்துக்கு அவள் தினமும் போகிறாள். அங்கே ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ‘ரகசியம் காக்கப்படும்’ என்று நூறு முறை அச்சடிப்பதைவிட, அவள் சந்தேகம் கிளப்பாமல் போகக்கூடிய ஓர் இடத்தைத் தாளில் எழுதுவது மேல்.

அடுத்தது, எதைச் சொல்லலாம் என்பது. பழைய தாளில் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று மட்டும் இருந்தது. பறிப்பு வேலை செய்யும் பெண்கள் பன்னிரண்டு பேரிடம் அதைப் படித்துக் காட்டி, ‘இதுக்குள்ள என்னெல்லாம் வரும்?’ என்று கேட்டேன். கெடுத்துவிடுவது, துணியைப் பிடித்து இழுப்பது, இந்த இரண்டு பதில்கள்தாம் வந்தன. மற்றவை? ‘அதெல்லாம் தொந்தரவுங்க, அதுக்கு ஏன் ஆபீசுக்குப் போறது’ என்றார் ஒருவர். அவர்கள் காதில் ‘பாலியல்’ என்ற சொல்லுக்கு இருந்த கனம், அன்றாடம் நடப்பதையெல்லாம் தாளுக்கு வெளியே தள்ளியிருந்தது. சட்டம் ஐந்து வகைகளைச் சொல்கிறது: தொடுதலும் அத்துமீறி நெருங்குதலும், உடலுறவுக்கு இணங்கும்படி கேட்பது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, பெண் விரும்பாத வேறெந்தப் பாலியல் நடத்தையும். இந்த ஐந்தையும் அப்படியே அச்சிட்டால் பாடப்புத்தகம் போல ஆகிவிடும். ஆகவே தோட்டத்தில் அவை நடக்கும் இடங்களை வைத்து எழுதினோம்.

‘எடை போடும் இடத்தில் வேண்டுமென்று உரசுவது. ஜீப்பில் இடம் இல்லை என்று சொல்லி மேலே சாய்வது. ‘என்னைக் கவனி, எடையைப் பார்த்துப் போடுகிறேன்’ என்று சொல்வது. உடம்பைப் பற்றிப் பேசுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது. போனில் அசிங்கமான வீடியோ காட்டுவது, அனுப்புவது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னாலேயே வருவது. இவை எல்லாமே பாலியல் தொந்தரவு. ‘விளையாட்டுக்குச் செய்தேன்’ என்பது பதில் ஆகாது.’

கடைசி வரியை மேனேஜர் எடுக்கச் சொன்னார். நான் மறுத்தேன். செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட, அந்த நடத்தை அந்தப் பெண்ணுக்கு விருப்பமற்றதாக இருந்ததா என்பதே அளவுகோல் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வரி தாளில் இருக்கிறது.

ஜீப்பையும் யோசித்தேதான் எழுதினேன். வேலைக்காக நிர்வாகம் தரும் வண்டியும் சட்டப்படி பணியிடம்தான். அதைப் போலவே, தினக்கூலிக்கு வருபவரும், ஒப்பந்தக்காரர் மூலம் வருபவரும், பயிற்சிக்கு வந்த பெண்ணும் இந்தச் சட்டத்தின்படி ஊழியர்களே. ‘நான் இங்க பர்மனென்ட் இல்லையே’ என்ற தயக்கம் பறிப்புக்காலத்தில் வரும் பெண்களிடம் மிக அதிகம். அதனால் தாளின் இரண்டாவது வரியிலேயே அதைச் சொன்னோம்: ‘நீங்கள் ஒரே ஒரு நாள் கூலிக்கு வந்தவராக இருந்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும்.’

எழுத்துமூலம் புகார் என்ற இடத்தில்தான் அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள். புகார் எழுத்தில் இருக்க வேண்டும், ஆறு பிரதிகள் தர வேண்டும், சாட்சிகளின் பெயரும் முகவரியும் சேர்க்க வேண்டும் என்று விதி சொல்வது உண்மை. இதைப் படித்தவுடன் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பெண் தாளை விட்டு விலகிவிடுவாள். ஆனால் எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது. கையேடு எழுதுபவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் இப்படி எழுதினோம்: ‘நீங்கள் வாயால் சொன்னால் போதும். குழுவில் ஒருவர் உங்கள் பேச்சிலேயே எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டுவார். சரியாக இருந்தால் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். பிரதி எடுப்பது எங்கள் வேலை. ஒரு பிரதி உங்களிடம் இருக்கும்.’ ‘உங்கள் பேச்சிலேயே’ என்பதை வலியுறுத்திச் சேர்த்தேன். ‘கையைப் பிடிச்சு இழுத்தான்’ என்று அவள் சொன்னதை எழுத்தர் ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று மாற்றி எழுதினால், விசாரணையில் நடந்தது என்னவென்றே தெரியாமல் போகும்.

இங்கே இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் நான் ‘தொந்தரவு கொடுத்தவர்’ என்று எழுதியிருந்தேன். வெளியிலிருந்து குழுவுக்கு வந்த அம்மா அதைச் சுட்டிக்காட்டினார். விசாரணை முடியும் முன்பே கையேடு தீர்ப்புச் சொல்லக்கூடாது. ‘எதிர்மனுதாரர்’ என்றால் யாருக்கும் புரியாது. கடைசியில் ‘யார்மீது புகாரோ அவர்’ என்று வைத்தோம். சொல் நீளம்தான். ஆனால் நியாயமானது, படித்தவுடன் புரியக்கூடியது.

இப்போது நாட்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பறிப்புக்கு வந்த ஒரு பெண்ணுக்கு டிசம்பர் 12இல் தொந்தரவு தொடங்கி, கடைசியாக ஜனவரி 5இல் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து நடந்தால் கடைசி நாளிலிருந்துதான் மூன்று மாதம் எண்ண வேண்டும். ஆகவே அவளுக்கு ஏப்ரல் 5 வரை நேரம் இருக்கிறது. அவள் பிப்ரவரி 2 அன்று சொல்கிறாள். 7 வேலை நாட்களுக்குள் புகாரின் பிரதியைக் குழு, யார்மீது புகாரோ அவருக்கு அனுப்புகிறது. அவர் 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 90 நாட்களில், அதாவது மே 3க்குள் விசாரணை முடிய வேண்டும். 10 நாளில், மே 13க்குள் அறிக்கை. அதன்மேல் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க 60 நாள் அவகாசம். அது ஜூலை 12.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோதுதான் எங்களுக்கே ஒன்று உறைத்தது. சேர்வராயன் மலையில் பறிப்பு பிப்ரவரியோடு ஓய்ந்துவிடும். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பாள். விசாரணை பெரும்பாலும் அவள் இல்லாத மாதங்களில் நடக்கும். புகார் கொடுத்த பெண் இப்போது வேலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் அதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. எனவே, ‘நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் புகார் முடிந்துபோகாது. குழு உங்களைப் போனில் கூப்பிடும்’ என்று சேர்த்தோம். போன் எண்ணும், ஊரில் செய்தி சொல்லக்கூடிய ஒருவரின் எண்ணும் புகார் எழுதும்போதே வாங்கி வைப்பது என்று குழு முடிவெடுத்தது.

அந்த நீண்ட நாட்களில் அவள் எப்படி வேலை செய்வாள் என்பது அடுத்த கேள்வி. விசாரணை முடியும்வரை இருவரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றும்படியும், அவளுக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரும்படியும், யார்மீது புகாரோ அவர் அவளுடைய வேலையை மதிப்பிடக்கூடாது என்றும் குழு நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கலாம். அவள் எழுதிக் கேட்டால்தான் இது கிடைக்கும். இந்த மூன்றாவதை அலுவலக ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தில் அதற்கு இணை எடைச்சீட்டு. பழம் எத்தனை கிலோ என்று எழுதும் மேஸ்திரிமீதே புகார் கொடுத்துவிட்டு, அன்று மாலை அதே தராசு முன்னால் அவள் நிற்க வேண்டியிருக்கும். ‘கேளுங்கள், உங்கள் எடையை வேறொருவர் போட ஏற்பாடு செய்வோம்’ என்ற வரியைப் படித்துக் காட்டியபோது அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். வேறெந்த வரிக்கும் அப்படி நடக்கவில்லை.

பேசித் தீர்ப்பதைப் பற்றி இரண்டே வரி போதும். புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டும் விசாரணைக்கு முன் சமரசம் செய்யலாம், பணம் வாங்கிக்கொண்டு முடிப்பது கூடாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஐயாயிரமோ பத்தாயிரமோ பேசி முடிக்கும் வழக்கம் இருக்கும் இடங்களில் இந்த இரண்டு வரியை விடவே கூடாது.

பொய்ப் புகார் வரிக்கு வருகிறேன். பழைய தாளில் மூன்று வரிகளில் ஒன்று அது, ‘கடும்’ என்ற அடைமொழி வாங்கியதும் அது மட்டும்தான். நிர்வாகத் தரப்பில் அதை விட மனமில்லை. எடுக்கவும் வேண்டாம் என்றேன், சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் சட்டம் சொல்வது இது: தெரிந்தே பொய்யாகக் கொடுத்ததைத்தான் தண்டிக்கலாம், அதுவும் முறையாக விசாரித்து உறுதிசெய்த பிறகு. நிரூபிக்க முடியாமல் போவது பொய் ஆகாது. அந்தப் பகுதியை இறுதிக்கு நகர்த்தி, இப்படி மாற்றினோம்: ‘சாட்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக உங்கள்மீது யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். பொய் என்று தெரிந்தே, கெடுதல் செய்யக் கொடுத்த புகார் என்று தனியாக விசாரித்து உறுதியானால் மட்டும் நடவடிக்கை உண்டு.’

உள்ளகக் குழுவிடம் போக முடியாத பெண்ணுக்கு வழி வேண்டும். புகார் முதலாளிமீதே என்றால் உள்ளகக் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளிலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். அதற்காகச் சேலம் வரை இறங்க வேண்டியதில்லை. வட்டார அளவிலேயே ஒரு பொறுப்பு அலுவலர் புகாரை வாங்கி 7 நாட்களுக்குள் மாவட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இந்த அலுவலர்களை நியமிக்கும்படி 2024 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கையேட்டில் அந்த அலுவலரின் பதவி, அலுவலகம், எண் மூன்றும் இருக்க வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் கீழே இருக்கட்டும்.

ஒரு தாளால் எவ்வளவு முடியும் என்பதற்கும் எல்லை உண்டு. திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் செய்த உடன்பாட்டைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்கள். எச்&எம், கேப், பிவிஎச் ஆகியவையும் அதில் உறுதி அளித்தன. தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி கொடுத்து நிறுத்தியது அதன் முதுகெலும்பு. பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் பெண்ணிடமே சொல்ல முடிந்தது. சொன்னதற்காகப் பழிவாங்கினால் அதுவும் மீறலாக இருந்தது. அப்படி ஓர் ஆள் இருந்தால்தான் தாளில் இருக்கும் பெயருக்கு வலு வரும். அதனால் இந்தத் தோட்டத்திலும் ஒவ்வொரு பறிப்புக் கூட்டத்திலிருந்தும் ஒரு பெண்ணைக் குழுவின் தொடர்பாளராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் எல்லாக் கூட்டத்திலும் அமையவில்லை.

சரி, எழுதியது புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்கக்கூடாது. எல்லோரும் ‘ஆங்’ என்பார்கள். தாளை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டு மடக்கி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்: ‘நாளைக்கு உனக்கு நடந்தா முதல்ல யார்கிட்ட போவ? எத்தனை மாசத்துக்குள்ள? எழுதத் தெரியலைன்னா? மேஸ்திரி பேர்ல புகாருன்னா எடை யார் போடுவா?’ பழைய தாளில் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. புதிய தாளின் முதல் வரைவில் மூன்று மாதம் என்பதை நான்கு பேர் மறந்துவிட்டார்கள். எண்ணைத் தனி வரியாக்கி, பெரிய எழுத்தில், தாளின் மேலே கொண்டுவந்தோம். இரண்டாம் முறை ஒருவர் மட்டுமே தவறவிட்டார். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமே தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியில் விதிகளைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தது. வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்யும் தோட்டத்தில் தமிழ்த் தாள் மட்டும் ஒட்டினால் அது பாதி வேலைதான். அவர்கள் மொழியிலும் எழுதி, அவர்களையும் இதே போலக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாளை இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டார்கள். எடை போடும் கொட்டகையிலும் பிள்ளைமடத்துச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. கடைசி நாள் படித்துக் காட்டியபோது வயதான ஓர் அம்மா, ‘இதுல இருக்கிற ஆயா பேரு சரி. அவ அடுத்த வருசம் நின்னுட்டா?’ என்று கேட்டார். குழு உறுப்பினரின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. பெயர்களுக்கு நேராக, பதவிக்காலம் முடியும் தேதியை எழுத ஒரு கட்டம் சேர்த்தோம். பெயர் மாறினால் அன்றே தாளை மாற்றுவது எழுத்தரின் வேலை என்று, அவர் பெயரையும் எழுவாயாக வைத்து, அடியில் ஒரு வரி எழுதினோம்.